வீட்டுக் கடனில் 3 லட்சம் முன்கூட்டிக் கட்டினால் இ.எம்.ஐ.யைக் குறைப்பதா, காலத்தைக் குறைப்பதா?

திருவொற்றியூர் செல்வம்

அனைவருக்கும் வணக்கம். திருவொற்றியூரில் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு பிளாட் வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கடன் 30 லட்சம், 20 ஆண்டு, வட்டி 8.5 சதவீதம், இ.எம்.ஐ. 26,035 ரூபாய். முதல் மூன்று ஆண்டுகள் மாறாத வட்டி, அதன்பின் மாறும் வட்டி என்பது ஒப்பந்தம். இப்போது மாறும் வட்டிக்குள் வந்துவிட்டேன், ஆனாலும் விகிதம் அதே 8.5 சதவீதமாகத்தான் இருக்கிறது.

இதுவரை 36 தவணைகளாக ஒன்பது லட்சத்து முப்பத்தேழாயிரம் கட்டியிருக்கிறேன். வங்கியில் ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்த்தால் அசல் பாக்கி இன்னும் 28,04,600 ரூபாய் என்று காட்டுகிறது. கட்டியதில் இரண்டு லட்சம்கூட அசலில் கழியவில்லை என்பதைப் பார்த்ததும் மனது மிகவும் கனத்துவிட்டது.

அடுத்த மாதம் ஒரு சீட்டு முடிந்து 3 லட்சம் கைக்கு வருகிறது. அதை அப்படியே கடனில் கட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். கிளையில் கேட்டபோது, இ.எம்.ஐ.யைக் குறைத்தால் மிச்சமாகும் வட்டி சுமார் 2.7 லட்சம் என்றும், காலத்தைக் குறைத்தால் சுமார் 7.9 லட்சம் என்றும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அதே 3 லட்சம், அதே வட்டி விகிதம், அதே நாளில் கட்டப்போகிறேன். அப்படியிருக்க, ஐந்து லட்சம் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை. மகள் அடுத்த ஆண்டு கல்லூரிக்குப் போகிறாள் என்பதால் இ.எம்.ஐ. குறைந்தால் நல்லது என்று மனைவி சொல்கிறார். ஐந்து லட்சத்தை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காசிமேடு அருள்

செல்வம் அண்ணா, யோசிக்கவே வேண்டாம், காலத்தைக் குறையுங்கள். இ.எம்.ஐ.யைக் குறைத்தால் லாபம் வங்கிக்குத்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 20 ஆண்டுக்கான வட்டி முழுவதையும் வங்கிக்காரர்கள் முதல் பத்து ஆண்டுகளிலேயே எடுத்துக்கொண்டு, அதன் பிறகுதான் அசலைக் கழிக்கத் தொடங்குவார்கள். ஆகவே முன்கூட்டிக் கட்டுவதென்றால் பாதிக் காலத்துக்குள் கட்டிவிட வேண்டும். அதைத் தாண்டிக் கட்டினால் ஒரு பைசா மிச்சமாகாது. என் மைத்துனர் பன்னிரண்டாவது ஆண்டில் கட்டிவிட்டு, மிச்சம் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லையே என்று வருத்தப்பட்டார்.

பெரம்பூர் சந்தானம்

ஒரு வங்கியின் கடன் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தம்பி செல்வத்தின் கேள்வி மிகச் சரியான இடத்தைத் தொடுவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், குறையும் நிலுவைக் கடனில் வட்டியை யாரும் முன்கூட்டி எடுத்துக்கொள்வதில்லை என்பதை அருள் அறிந்துகொள்ள வேண்டும். அந்தந்த மாதம் எவ்வளவு அசல் பாக்கி இருக்கிறதோ, அதற்கு மட்டுமே அந்த மாத வட்டி. செல்வத்தின் முதல் மாதத்தில் பாக்கி 30 லட்சம்; அதற்கு 8.5 சதவீதத்தில் ஒரு மாத வட்டி 21,250 ரூபாய். கட்டிய 26,035-இல் அது போக மிஞ்சிய 4,785 ரூபாய்தான் அசலுக்குப் போனது. இன்று பாக்கி 28,04,600 என்பதால் அடுத்த மாத வட்டி 19,866 ஆகும், அசலில் 6,169 கழியும். தொடக்கத்தில் வட்டி அதிகமாகத் தெரிவதற்குக் காரணம் கடன் அப்போது பெரிதாக இருந்தது என்பது மட்டுமே, அதில் வேறு சூது எதுவும் இல்லை.

இப்போது 3 லட்சத்தைக் கட்டியவுடன் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பாக்கி 25,04,600 ஆகிறது. அடுத்த மாத வட்டி 17,741 ஆக இறங்குகிறது, அதாவது 2,125 ரூபாய் குறைகிறது. நீங்கள் கிளையில் எந்த விருப்பத்தைச் சொல்லியிருந்தாலும் இந்த 2,125 அப்படியேதான் இருக்கும். அந்த முதல் மாதத்தில் இரண்டு வழிகளுக்கும் வட்டியில் எந்த வேறுபாடும் இல்லை.

வேறுபாடு அந்த மாதம் நீங்கள் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்பதில்தான் தொடங்குகிறது. காலத்தை அப்படியே வைத்தால் மீதி 204 மாதங்களுக்கு இ.எம்.ஐ. 23,250 ஆகக் குறையும். இ.எம்.ஐ.யை அப்படியே வைத்தால் 26,035 தொடரும், கடன் 162 மாதங்களில், சில்லறைத் தொகை ஒன்று மட்டும் மிஞ்சி, முடிந்துவிடும். 42 மாதங்கள், அதாவது மூன்றரை ஆண்டுகள், குறைகின்றன. இரண்டு இ.எம்.ஐ.க்கும் இடையே உள்ள தொகை 2,785 ரூபாய். காலத்தைக் குறைப்பவர் இன்று 3 லட்சம் கட்டுவதோடு நிற்பதில்லை. மாதா மாதம் 2,785 ரூபாயையும் கூடுதலாக அசலில் கட்டிக்கொண்டே போகிறார். நீங்கள் தேடும் ஐந்து லட்சம் முழுவதும் அந்த 2,785 ரூபாயால் வருகிறது. 3 லட்சத்துக்கும் அந்த வித்தியாசத்துக்கும் தொடர்பே இல்லை.

இதை வேறு வழியிலும் சரிபார்க்கலாம். இ.எம்.ஐ.யை 23,250 ஆகக் குறைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாதமும் நீங்களாகவே 2,785 ரூபாயைக் கடன் கணக்கில் சேர்த்துக் கட்டினால், கடன் அதே 163ஆம் மாதத்தில் முடியும், வட்டியும் அதே அளவுக்கு மிச்சமாகும். ஆகவே இ.எம்.ஐ.யைக் குறைத்தால் வங்கிக்கு லாபம் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. அந்த 2,785 ரூபாயை நீங்கள் மாதா மாதம் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தே அது அமைகிறது.

அருளின் மைத்துனர் விஷயம் பாதி உண்மை. இதே கடனில் 13 ஆண்டுகள் முடிந்து 84 தவணைகள் மீதி இருக்கும்போது 3 லட்சம் கட்டினால், ஏறக்குறைய பத்தொன்பதரை மாதங்கள் குறைந்து, சுமார் 2.1 லட்சம் வட்டி மிச்சமாகும். மூன்றாம் ஆண்டில் கட்டினால் கிடைக்கும் 7.9 லட்சத்தோடு ஒப்பிட்டால் குறைவுதான், ஆனால் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. அப்போது கட்டினாலும் முதல் மாதத்தில் குறையும் வட்டி அதே 2,125 ரூபாய்தான். அது தொடர்ந்து வேலை செய்ய மீதியுள்ள மாதங்கள் குறைவு என்பதால் மொத்தம் சிறிதாகத் தெரிகிறது.

மணலி யூசுப்

சந்தானம் ஐயா சொல்வது எனக்குப் பொருந்தவில்லையே. நான் வண்டிக் கடன் வாங்கி, ஒரு வருடம் கழித்து முப்பதாயிரம் கூடுதலாகக் கட்டினேன். வட்டியில் ஒரு ரூபாயும் குறைக்கவில்லை, அடுத்து வரும் தவணைகளில் வரவு வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். செல்வம் சகோதரருக்கும் அப்படி நடந்தால் என்ன செய்வது?

பெரம்பூர் சந்தானம்

யூசுப் தம்பி, உங்கள் வண்டிக் கடன் பெரும்பாலும் பிளாட் வட்டியாக இருக்கும். அதில் முதல் நாளே முழுக் கடன் தொகைக்கும் முழுக் காலத்துக்கும் வட்டி போட்டுத் தவணையாகப் பிரித்துவிடுவார்கள். இடையில் கூடுதலாகக் கட்டுவதால் அது தானாகக் குறையாது. இங்கே பேசுவது வேறு வகைக் கடன்.

ஆனால் நீங்கள் சொன்னதில் செல்வம் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. வீட்டுக் கடனிலும், பணத்தைச் செலுத்தும்போது அது எதற்கு என்று சொல்லாவிட்டால், சில இடங்களில் அதை முன்தவணை என்று தனியாக நிறுத்தி வைத்துவிடுகிறார்கள். அப்படி நின்றால் அசல் குறையாது, வட்டியும் குறையாது.

வியாசர்பாடி ஜெயந்தி

என் கணக்கையும் இங்கே எழுதுகிறேன், யாருக்காவது பயன்படும். 2021-இல் 20 லட்சம் வாங்கினேன். அப்போது வட்டி 6.75 சதவீதம், 20 ஆண்டு, இ.எம்.ஐ. 15,207. 2022 மே மாதம் 4 சதவீதத்திலிருந்து ஏறத் தொடங்கிய ரெப்போ விகிதம் 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்தில் போய் நின்றது. என் வட்டியும் அதோடு சேர்ந்து 9.25 ஆகிவிட்டது. இ.எம்.ஐ. மாறவில்லை என்பதால் எனக்கு எதுவும் தெரியவில்லை. ஒரு நாள் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தால், கட்டும் 15,207-இல் வட்டிக்கே ஏறத்தாழ 14,900 போய்க்கொண்டிருந்தது, அசலில் கழிந்தது முந்நூறு ரூபாய் அளவே. வங்கியிலிருந்து வந்த கடிதத்தில், இ.எம்.ஐ.யைக் கூட்டுங்கள் அல்லது ஒரு தொகை கட்டுங்கள், இல்லையென்றால் இந்தத் தவணையில் கடன் நாற்பது ஆண்டுக்கு மேல் போகும் என்று இருந்தது.

நகையை விற்று ஒரு லட்சம் கட்டினேன். மீதிக் காலம் 515 மாதத்திலிருந்து 347 மாதமாக இறங்கியது. ஒரு லட்சத்துக்குப் பதினான்கு ஆண்டுகள் குறையும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அதன் பிறகு இ.எம்.ஐ.யையும் கூட்டிக்கொண்டேன், அது வேறு விஷயம். சந்தானம் ஐயா, செல்வம் அண்ணனுக்கு 3 லட்சம் கட்டினால் 42 மாதம் குறைகிறது, எனக்கு ஒரு லட்சத்துக்கு 168 மாதம் குறைந்தது, இது எப்படி?

பெரம்பூர் சந்தானம்

ஜெயந்தி அம்மா, உங்கள் தவணை வட்டியை மட்டும் தொட்டுக்கொண்டு நின்றது. பாக்கி 19.35 லட்சம் என்று வைத்தால் மாத வட்டி 14,916, அசலுக்கு மிஞ்சுவது 291 ரூபாய். ஒரு லட்சம் கட்டியதும் வட்டி 771 ரூபாய் குறைந்து, அசலுக்குப் போவது 1,062 ஆனது. மூன்றரை மடங்குக்கு மேல். செல்வத்துக்கு அதே அசல் பங்கு 6,169-இலிருந்து 8,294 ஆகிறது, மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. எத்தனை மாதம் குறையும் என்பது கட்டும் தொகையால் மட்டும் முடிவாவதில்லை. இ.எம்.ஐ.க்கும் அந்த மாத வட்டிக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதே பெரும் பங்கு வகிக்கிறது. வட்டி ஏறி இடைவெளி சுருங்கிய கடன்களில் சிறு தொகையும் பெரிதாகத் தெரியும்.

வட்டி விகிதம் மாறும்போது இ.எம்.ஐ.யைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் சேர்த்துச் செய்வதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும் என்றும், எப்போது வேண்டுமானாலும் பகுதியாகவோ முழுவதுமாகவோ முன்கூட்டிக் கட்ட அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18-இல் சுற்றறிக்கை விட்டது. உங்களுக்குக் கடிதம் அதற்கு முன்னரே வந்திருந்தால் நல்லதுதான். பலருக்கு அப்படிக் கேட்காமலேயே காலம் நீட்டப்பட்டிருந்தது.

கொளத்தூர் பாஸ்கரன்

கணக்காளன் என்ற முறையில் ஒரு மாற்றுக் கருத்தை வைக்கிறேன். 7.9 லட்சம் மிச்சம் என்ற எண்ணைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம். அது இன்று கையில் கிடைக்கும் பணம் அன்று. கட்டாமல் தப்பும் 42 தவணைகளும் பதின்மூன்றரை ஆண்டுக்குப் பிறகு வர வேண்டியவை. அவற்றை 8.5 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் சரியாக 3 லட்சமே வரும், ஒரு ரூபாயும் கூடாது. அதாவது இந்த 3 லட்சம் செல்வத்துக்கு ஆண்டுக்கு 8.5 சதவீதம் சம்பாதித்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். மூன்றாம் ஆண்டில் கட்டினாலும் பதின்மூன்றாம் ஆண்டில் கட்டினாலும் அந்த விகிதம் மாறாது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் பணத்துக்கு வேறு எங்காவது வரி போக 8.5 சதவீதத்துக்கு மேல் உறுதியாகக் கிடைக்குமா என்பதே. வைப்பு நிதியில் கிடைக்காது. நீண்ட காலத்துக்கு மியூச்சுவல் ஃபண்டில் கிடைக்கலாம் என்பது என் கருத்து.

வரியையும் பார்க்க வேண்டும். பழைய வரி முறையில் இருப்பவர், தாம் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிவு பெறலாம். செல்வத்தின் நான்காம் ஆண்டு வட்டி 2.35 லட்சம், 3 லட்சம் கட்டிய பிறகும் அது சுமார் 2.09 லட்சமாக இருக்கும். ஆகையால் முதல் ஆண்டில் அவருடைய கழிவு சிறிதும் குறையாது. அடுத்த ஆண்டுகளில் இரண்டு லட்சத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் இழப்பு தொடங்கும். புதிய வரி முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு இந்தக் கழிவே கிடையாது என்பதால் இந்தக் கவலையும் இல்லை.

பெரம்பூர் சந்தானம்

பாஸ்கரன் சொல்லும் 8.5 சதவீதக் கணக்கு சரியானது, அதை ஏற்றுக்கொள்கிறேன். ஃபண்டைப் பற்றிய கருத்தை ஏற்கவில்லை. உறுதியான ஒன்றையும் உறுதியில்லாத ஒன்றையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது சரியில்லை. மகளின் படிப்புச் செலவு வாசலில் நிற்கும் வீட்டில் அது இன்னும் சரியில்லை.

கொளத்தூர் பாஸ்கரன்

அந்தக் கவலை எனக்கும் உண்டு ஐயா. ஆனால் கடனில் கட்டிய பணம் திரும்பி வராது. படிப்புச் செலவு வாசலில் நிற்கிறது என்றால், முழு 3 லட்சத்தையும் கட்டிவிட்டு நாளை தனிநபர் கடனுக்கு அலைய நேர்ந்தால் இந்த மிச்சம் எல்லாம் அதிலேயே போய்விடும். ஃபண்ட் வேண்டாம் என்றாலும், ஒரு பகுதியையாவது கையில் வைத்துக்கொள்வதே நல்லது.

திருவொற்றியூர் செல்வம்

எல்லோருக்கும் நன்றி. படிப்புக்கென்று தனியாக ஒரு தொகை சேர்த்து வைத்திருக்கிறேன், ஆகவே 3 லட்சத்தையும் கட்டுவது என்பதில் மாற்றமில்லை. ஆனால் மாத வரவுசெலவு நான்கு ஆண்டுகளுக்கு நெருக்கடியாகத்தான் இருக்கும். ஐயா, இ.எம்.ஐ.யை இப்போது குறைத்துக்கொண்டு, மகள் படிப்பை முடித்ததும் மீண்டும் பழைய தொகைக்கு ஏற்றிக்கொண்டால் என்ன ஆகும்? அதை எப்படிக் கணக்கிடுவது?

பெரம்பூர் சந்தானம்

நல்ல யோசனை. நான்கு ஆண்டுகள், அதாவது 48 மாதங்கள், 23,250 கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முடிவில் பாக்கி சுமார் 21,91,000 இருக்கும். அதன் பிறகு 26,035-க்கு ஏற்றிக்கொண்டால் இன்னும் 128 மாதங்களும் சற்றுக் கூடுதலும் ஆகும். மொத்தத்தில் 204-க்குப் பதிலாகச் சுமார் 176 மாதங்களில் முடியும், மிச்சமாகும் வட்டி சுமார் 5.5 லட்சம். முழுவதும் காலத்தைக் குறைப்பதைவிட ஏறக்குறைய 2.4 லட்சம் குறைவு; அதற்கு ஈடாக, செலவு மிகுந்த நான்கு ஆண்டுகளில் மாதம் 2,785 ரூபாய் உங்கள் கையில் இருக்கும். உங்கள் மனைவி சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

எக்செல் இருந்தால் மீதி மாதங்களை நீங்களே பார்க்கலாம். முதல் வரி இன்றைய நிலை, இரண்டாவது 3 லட்சம் கட்டிய பிறகு, மூன்றாவது நான்கு ஆண்டு கழித்து:

```
=NPER(8.5%/12,-26035,2804600)
=NPER(8.5%/12,-26035,2504600)
=NPER(8.5%/12,-26035,2191000)
```

முறையே ஏறத்தாழ 204, 162.1, 128.4 என்று வரும். வட்டி விகிதம் மாறினால் 8.5-ஐ மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

கட்டும்போது கவனிக்க வேண்டியவையும் உண்டு. நீங்கள் இப்போது மாறும் வட்டியில் இருப்பதால் தனிநபர் வீட்டுக் கடனுக்கு முன்கட்டணத் தண்டம் வசூலிக்கக் கூடாது. மாறாத வட்டிக் காலத்திலேயே கட்டியிருந்தால் அது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. இரண்டாவதாக, உங்கள் கடனில் வட்டி தினசரி நிலுவைக்குப் போடப்படுகிறதா, மாத நிலுவைக்கா என்று கேளுங்கள். தினசரி என்றால் சீட்டுப் பணம் வந்த அன்றே கட்டிவிடுங்கள், ஒரு நாள் தாமதத்துக்கு 70 ரூபாய் வட்டி. மாத நிலுவை என்றால், அந்த மாதக் கணக்கு முடியும் தேதிக்கு முன் கட்டினால் போதும்; மறுநாள் கட்டினால் ஒரு மாதத்தின் 2,125 ரூபாயும் போய்விடும்.

விண்ணப்பத்தில் "இந்தத் தொகையை அசலில் கழிக்கவும்" என்று எழுதி, இ.எம்.ஐ.யா காலமா என்பதையும் குறிப்பிட்டு, முத்திரையிட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த மாத ஸ்டேட்மென்ட்டில் வட்டி 17,741-ஐ ஒட்டி வர வேண்டும். 19,866-ஐ ஒட்டியே வந்தால் பணம் எங்கோ முன்தவணையாக நிற்கிறது என்று பொருள், அன்றே கிளைக்குப் போங்கள்.

காசிமேடு அருள்

ஐயா, மாதம் 2,785 ரூபாயை நாமாகவே கூடுதலாகக் கட்டலாம் என்றீர்களே, என் வங்கியில் பார்ட் பேமென்ட் என்றால் குறைந்தது ஒரு இ.எம்.ஐ. அளவாவது இருக்க வேண்டும் என்கிறார்கள். அப்படியானால் அந்த வழி எனக்குக் கிடையாதா?

பெரம்பூர் சந்தானம்

அப்படி வரம்பு வைக்கும் இடங்கள் உண்டு, தம்பி. அங்கே மாதத் தொகையைச் சேமிப்புக் கணக்கில் சேர்த்து வைத்து, ஓர் இ.எம்.ஐ. அளவுக்கு வந்ததும் கட்ட வேண்டும். இடையில் சில மாத வட்டி நழுவும், பெரிய இழப்பில்லை. அல்லது இ.எம்.ஐ.யையே கூட்டச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். செல்வத்துக்கும் இதே கேள்வி நான்கு ஆண்டு கழித்து வரும். குறைத்த இ.எம்.ஐ.யைப் பின்னால் ஏற்றிக்கொள்ள அந்த வங்கி ஒப்புக்கொள்ளுமா, புதிய ஒப்பந்தம் கேட்குமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

திருவொற்றியூர் செல்வம்

இன்று கிளைக்குப் போய்க் கேட்டேன் ஐயா. வட்டி தினசரி நிலுவைக்குத்தான் போடுகிறார்களாம். இ.எம்.ஐ.யைப் பின்னால் ஏற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டதற்கு, வாயளவில் முடியும் என்றார்கள், எழுத்தில் தர மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்கிறார்கள். அந்தப் பதில் வரும்வரை விண்ணப்பத்தில் இ.எம்.ஐ.யா காலமா என்ற கட்டத்தை நிரப்பாமல் வைத்திருக்கிறேன்.